ஓப்பன் ஐடி நுழைவும் ஐந்து நிமிடக் கெடுவும்

பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தைத் திறக்கிறோம். நுழைவுப் பக்கம் வருகிறது. அதனை அப்படியே விட்டுவிட்டு உணவு விடுதிக்குச் சென்று திரும்புகிறோம். பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுகிறோம். இரண்டும் சரியாகவே இருக்கின்றன. எனினும் திரையில் தோன்றுவது நூல்களின் பட்டியல் அன்று. `state mismatch` என்றோ, `invalid nonce` என்றோ, அவை போன்ற வேறொரு தொடரோதான். கடவுச்சொல் தவறு என்றால் திருத்திக்கொள்ளலாம். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் கதவு திறக்கவில்லை என்றால் என்ன செய்வது?

இக்குறை நேர்வது ஏன், இதனை வேறு குறைகளிலிருந்து பிரித்தறிவது எப்படி, நேர்ந்தபின் செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். கணிப்பொறித் துறை மாணவர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. பொது அறைக் கணிப்பொறியில் அமர்ந்து பணியாற்றும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று இதனுள் மறைந்திருக்கிறது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இருவர் நடத்தும் நுழைவு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாம் கடவுச்சொல்லைத் தட்டும் பக்கம் நூலகத்தினுடையது அன்று. நூலகத் தளம் நம் கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. "இன்னார் யார் என்று நீ உறுதிசெய்து சொல்" என்று அது நம்மை வேறோர் இடத்திற்கு அனுப்புகிறது. அவ்விடத்தை நாம் அடையாள நிலையம் என்று அழைப்போம். அந்நிலையம் கடவுச்சொல்லைச் சரிபார்த்து, "இவர் இன்னார்தாம்" என்று சான்று கொடுத்து, நம்மை மீண்டும் நூலகத்திற்கே அனுப்புகிறது. இவ்வாறு அனுப்புவதற்கும் திரும்புவதற்கும் உரிய முறையை வகுப்பதே ஓப்பன் ஐடி கனெக்ட் என்னும் விதித்தொகுப்பு. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஓ-ஆத் 2.0 என்னும் விதிகளின் மேல் இது கட்டப்பட்டது. 2014ஆம் ஆண்டில் முடிவான வடிவம் பெற்றது.

ஆகவே இந்நாடகத்தில் மூவர் இருக்கின்றனர். நூலகத் தளம் ஒன்று. அடையாள நிலையம் ஒன்று. இவ்விரண்டிற்கும் இடையே ஓடும் நம் உலாவி ஒன்று. நூலகமும் நிலையமும் இந்தப் போக்குவரத்தின் முதற்பகுதியில் ஒன்றோடொன்று நேரே பேசுவதில்லை. உலாவிதான் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டு சேர்க்கும் தூதுவன். தூதுவன் வழியில் ஏமாற்றப்படலாம் என்பதால்தான் ஸ்டேட், நான்ஸ் என்னும் இரண்டு அடையாளச் சொற்கள் தேவைப்பட்டன.

கையிலுள்ள சீட்டும் கட்டிய சீட்டும்

மிதிவண்டி நிறுத்தும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே எண்ணுள்ள சீட்டு இரண்டு பாதியாகக் கிழிக்கப்படுகிறது. ஒரு பாதி வண்டியில் கட்டப்படுகிறது. மறுபாதி நம் கையில் கொடுக்கப்படுகிறது. வண்டியை எடுக்கும்போது இரண்டு எண்ணும் ஒத்தால்தான் காவலர் விடுவார். நம் முகத்தை அவர் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார்.

ஸ்டேட் என்பது இத்தகைய சீட்டே. நூலகத் தளம் நம்மை நிலையத்திற்கு அனுப்பும்போது, யாரும் ஊகிக்க முடியாத ஒரு சொல்லை அப்போதே உருவாக்குகிறது. அதன் ஒரு பாதியை முகவரியோடு சேர்த்து நிலையத்திற்கு அனுப்புகிறது. மறுபாதியை நம் உலாவியில் குக்கி என்னும் சிறு குறிப்பாக வைத்துவிடுகிறது. நிலையம் நம்மைத் திருப்பி அனுப்பும்போது, தான் பெற்ற சொல்லை மாற்றாமல் அப்படியே கொண்டுவர வேண்டும். வந்த சொல்லும் குக்கியில் உள்ள சொல்லும் ஒத்தால், "நாம் அனுப்பிய அதே உலாவிதான் திரும்பி வந்திருக்கிறது" என்று நூலகம் அறிகிறது.

நான்ஸ் என்பது இன்னும் ஒருபடி உள்ளே இருப்பது. ஒரே ஒருமுறை பயன்படுத்துவதற்கென்று ஆக்கப்படும் சொல் என்பது அதன் பொருள். இதனையும் நூலகமே உருவாக்கி நிலையத்திற்கு அனுப்புகிறது. ஆனால் இது திரும்பும் முகவரியில் வெளிப்படையாக வருவதில்லை. நிலையம் தன் கையொப்பமிட்டுத் தரும் அடையாளச் சான்றின் உள்ளே இது எழுதப்பட்டு வருகிறது. ஸ்டேட் உறையின் மேல் எழுதிய எண் என்றால், நான்ஸ் உறைக்குள் இருக்கும் கடிதத்தில் எழுதிய எண் எனலாம். நேற்று வழங்கிய பழைய சான்றை எவரேனும் இன்று மீண்டும் கொண்டுவந்து நீட்டினால், உள்ளே இருக்கும் எண் ஒவ்வாது, சான்று தள்ளப்படும்.

நூலகம் அனுப்பும் கோரிக்கை ஏறத்தாழ இவ்வாறு இருக்கும். முகவரிகள் எடுத்துக்காட்டுக்காக அமைக்கப்பட்டவை; உண்மையில் வரும் சொற்கள் இவற்றினும் மிக நீண்டவை.

```
https://login.example.org/authorize
  ?response_type=code
  &client_id=library
  &scope=openid
  &redirect_uri=https://library.example.org/callback
  &state=Qx7mR2
  &nonce=t9Lw4K
```

நுழைவு முடிந்ததும் உலாவி திரும்பும் முகவரி இது:

```
https://library.example.org/callback?code=Z81pf&state=Qx7mR2
```

இதில் உள்ள `code` என்பது நிலையம் கொடுக்கும் தற்காலிகச் சீட்டு. நூலகம் முதலில் ஸ்டேட்டை ஒப்பிடும். ஒத்தால் மட்டுமே இந்தத் தற்காலிகச் சீட்டை எடுத்துக்கொண்டு நிலையத்திடம் தானே நேராகச் சென்று அடையாளச் சான்றைப் பெறும். பிறகு அச்சான்றினுள் இருக்கும் நான்ஸை ஒப்பிடும். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்க. ஸ்டேட் தவறினால் நான்ஸைப் பார்க்கும் கட்டத்திற்கே நூலகம் போவதில்லை.

இரண்டு கடிகாரங்கள்

இனி நம் குறையின் காரணத்திற்கு வருவோம். நூலகம் கொடுத்த சீட்டுக்கு ஒரு கெடு உண்டு. நிலையத்தின் நுழைவுப் பக்கத்திற்கும் ஒரு கெடு உண்டு. இவ்விரண்டு கெடுக்களையும் வெவ்வேறு மனிதர்கள், வெவ்வேறு இடங்களில், ஒருவரையொருவர் கேளாமலே குறித்திருக்கின்றனர். துன்பமெல்லாம் இவ்விரண்டு கடிகாரங்களின் இடைவெளியிலிருந்தே பிறக்கிறது.

உண்மையான மென்பொருள்களையே எடுத்துக்கொள்வோம். அப்பாச்சி என்னும் வலைச் சர்வரோடு சேர்த்துப் பலரும் பயன்படுத்தும் இணைப்பு `mod_auth_openidc` என்பது. அதில் ஸ்டேட்டின் கெடு, யாரும் மாற்றாத வரையில், 300 நொடி. அஃதாவது 5 நிமிடம். மறுபுறத்தில் அடையாள நிலையமாகப் பல இடங்களில் இயங்குவது கீக்ளோக் என்னும் மென்பொருள். அதில் நுழைவு முழுவதற்கும் வழக்கமாக அமைந்த கெடு 30 நிமிடம். அம்முப்பது நிமிடத்திற்குள், ஒரே பக்கத்தில் 5 நிமிடத்திற்கு மேல் நின்றால், "மீண்டும் தொடர்க" என்று அது கடவுச்சொல்லை இன்னொரு முறை கேட்கும். ஆனால் நுழைவை அடியோடு கைவிடாது. மைக்ரோசாஃப்டின் `ASP.NET Core` என்னும் அமைப்பில் எழுதிய தளமாயின், தளத்தின் பக்கத்துக் கெடு 15 நிமிடம். அது கடந்தால் காணும் பிழைத்தொடர் `Correlation failed.` என்பது. பெயர்கள் வேறாயினும் நிகழ்வது ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டை நேரம் குறித்துக் காண்போம். நூலகத் தளத்தில் `mod_auth_openidc`, நிலையத்தில் கீக்ளோக் என்று வைத்துக்கொள்க.

மாலை 7 மணி 10 நிமிடத்திற்கு ஒரு மாணவர் நூலகத் தளத்தைத் திறக்கிறார். அந்நொடியே `Qx7mR2` என்னும் ஸ்டேட்டும் `t9Lw4K` என்னும் நான்ஸும் பிறக்கின்றன. இரண்டும், பிறந்த நேரமும், மாணவர் போக விரும்பிய பக்கத்தின் முகவரியும் ஒரே குக்கியில் மறைமொழியாக எழுதப்பட்டு உலாவியில் வைக்கப்படுகின்றன. நுழைவுப் பக்கம் தோன்றுகிறது. மாணவர் மடிக்கணினியை மூடிவிட்டு உணவருந்தச் செல்கிறார். மடிக்கணினி உறங்கினாலும் நேரம் உறங்குவதில்லை. கணக்கிடப்படுவது சர்வரின் கடிகாரப்படி கழிந்த நேரமேயன்றி, கணிப்பொறி விழித்திருந்த நேரம் அன்று.

7 மணி 15 நிமிடத்திற்கு நூலகத்தின் 300 நொடி முடிகிறது. இதனை அறிவிக்க எந்த மணியும் அடிக்காது. திரையில் உள்ள பக்கம் நிலையத்தினுடையது. நூலகத்தின் கெடு முடிந்தது அதற்குத் தெரியாது.

7 மணி 32 நிமிடத்திற்கு மாணவர் திரும்பி வந்து கடவுச்சொல்லைத் தட்டுகிறார். ஒரே பக்கத்தில் நெடுநேரம் நின்றதால் நிலையம் மீண்டும் கேட்கிறது; அவரும் மீண்டும் தட்டுகிறார். நிலையத்தின் முப்பது நிமிடம் முடிவது 7 மணி 40 நிமிடத்திற்குத்தான். ஆதலால் அது மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு, புதிய தற்காலிகச் சீட்டையும் பழைய ஸ்டேட்டையும் கொடுத்து நூலகத்திற்கு அனுப்புகிறது.

நூலகம் குக்கியைத் திறக்கிறது. சொல் ஒத்திருக்கிறது. ஆனால் பிறந்த நேரத்தைப் பார்க்கும்போது 22 நிமிடம், அஃதாவது 1320 நொடி கழிந்திருக்கிறது. அனுமதித்ததோ 300. எனவே 1020 நொடி தாமதம். நூலகம் மறுக்கிறது. சர்வரின் குறிப்பேட்டில் `state has expired` என்று எழுதப்படுகிறது. தற்காலிகச் சீட்டு எவருக்கும் பயன்படாமல் காலாவதியாகிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நிலையம் தன் பக்கத்தை எத்தனை முறை புதுப்பித்துக் காட்டினாலும் ஸ்டேட் புதிதாவதில்லை. ஏனெனில் புதிய ஸ்டேட்டை ஆக்க வல்லது நூலகம் ஒன்றே. நிலையம் தன்னிடம் ஒப்படைத்ததைத் திருப்பித் தருகிறதே ஒழிய, அதன் பொருளை அறியாது. ஆகவே நுழைவுப் பக்கத்தில் இருந்துகொண்டே அதனை மீண்டும் மீண்டும் ஏற்றுவதால் ஒரு பயனும் இல்லை.

இதே முகத்தோடு வரும் வேறு குறைகள்

ஸ்டேட் ஒவ்வாமைக்குக் காரணம் தாமதம் மட்டும் அன்று. ஒரே பிழைத்தொடர் மூன்று வெவ்வேறு நோய்களுக்கு அறிகுறியாகலாம். மருந்து வேறுபடுவதால் நோயைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, நாம் கண்ட தாமதம். இதன் அடையாளம் எளிது. புதிதாகத் தொடங்கி ஒரு நிமிடத்திற்குள் கடவுச்சொல்லைத் தட்டினால் நுழைவு தடையின்றி நிறைவேறும். பக்கத்தைக் கெடுவுக்கு மேல் கிடப்பில் போட்டால் ஒவ்வொரு முறையும் தவறும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்தால் இரண்டே முயற்சியில் உறுதிசெய்யலாம்.

இரண்டாவது, ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படுதல். சில தளங்கள் ஸ்டேட்டையும் நான்ஸையும் வைத்துக்கொள்ள ஓர் உலாவிக்கு ஒரே ஒரு பெட்டிதான் வைத்திருக்கின்றன. காலையில் ஒரு டேபில் நுழைவுப் பக்கத்தைத் திறந்து விட்டுவிடுகிறோம். மாலையில் அதனை மறந்து வேறொரு டேபில் அதே தளத்தைத் திறக்கிறோம். இரண்டாம் டேபின் சொல் பெட்டியில் உள்ள முதற்சொல்லை அழித்துவிடும். பிறகு முதல் டேபுக்குச் சென்று கடவுச்சொல்லைத் தட்டினால், வருவது பழைய சொல், பெட்டியில் இருப்பது புதிய சொல். இங்கே இரண்டும் உண்மையாகவே வெவ்வேறு சொற்கள். ஐந்து நிமிடம் ஆகவில்லையென்றாலும் தவறும். ஒரே ஒரு டேபை மட்டும் வைத்துக்கொண்டு முயன்றால் சரியாகிவிடும் என்பதே இதன் அடையாளம். நான்ஸ் மட்டும் தனியே ஒவ்வாமற் போவதும் பெரும்பாலும் இவ்வகையில்தான். ஸ்டேட்டுக்கு டேப்தோறும் தனிப் பெட்டி வைத்துவிட்டு, நான்ஸுக்குப் பொதுவான ஒரு பெட்டி வைத்த தளத்தில், ஸ்டேட் தேர்ச்சி பெறும், நான்ஸ் தவறும். `mod_auth_openidc` ஒவ்வொரு முயற்சிக்கும் தனிக் குக்கி வைப்பதால் இத்துன்பம் அதில் இல்லை. எனினும் அதுவும் ஒரே நேரத்தில் 7 குக்கிகளுக்கு மேல் வைக்க வழக்கமாக இசைவதில்லை.

மூன்றாவது, குக்கி வந்து சேராமையே. ஒரு பெயரில் தளத்தைத் திறந்து வேறொரு பெயருக்குத் திரும்பினால், எடுத்துக்காட்டாக `www` உள்ள முகவரியில் தொடங்கி அஃது இல்லாத முகவரிக்கு வந்தால், உலாவி அந்தக் குக்கியைக் காட்டாது. உலாவியில் குக்கிகளையே தடுத்து வைத்திருந்தாலும் இதே நிலைதான். இவ்வகையில் எவ்வளவு விரைவாகத் தட்டினாலும் நுழைவு ஒருமுறையும் நிறைவேறாது. விரைந்தாலும் தவறினால் தாமதத்தைக் குறை கூறாதீர்கள், குக்கியைத் தேடுங்கள்.

பிழைப் பக்கம் வந்தபின் பலர் செய்யும் ஒரு செயலையும் இங்கே குறிக்கலாம். அப்பக்கத்தையே மீண்டும் ஏற்றுகின்றனர். அல்லது பின்னோக்கிச் செல்லும் பொத்தானை அழுத்துகின்றனர். ஸ்டேட்டின் குக்கி ஒருமுறை பார்க்கப்பட்டவுடன் அழிக்கப்படுகிறது. ஆதலால் இரண்டாம் முறை அதே முகவரியை ஏற்றினால் ஒப்பிடுவதற்கே ஒன்றும் இல்லை. முதலில் காலம் கடந்தது என்று வந்த பிழை, இப்போது சீட்டே காணவில்லை என்று உருமாறும். குறையை ஆராய்பவர் முதலில் வந்த பிழையையும் அது வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்தவை வழிதவறச் செய்யும்.

தோல்வி என்று எண்ணி எழுந்து போகாதீர்கள்

தொடக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு என்றோம். அதனை இப்போது எண்ணிப் பாருங்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டில் தவறியது எது? நூலகம் நம்மை ஏற்கவில்லை. ஆனால் அடையாள நிலையம் நம்மை முழுமையாக ஏற்றுக்கொண்டது. 7 மணி 32 நிமிடத்திற்கு அங்கே நம் பெயரில் ஓர் அமர்வு தொடங்கிவிட்டது. அதன் குக்கி உலாவியில் இருக்கிறது.

ஆகையால்தான் பிழை வந்த பிறகு நூலகத் தளத்தை முதலிலிருந்து திறந்தால், கடவுச்சொல்லைக் கேளாமலே கதவு திறந்துகொள்கிறது. நூலகம் புதிய ஸ்டேட் ஆக்கி அனுப்புகிறது. நிலையம் "இவரை நான் அறிவேன்" என்று உடனே திருப்பி அனுப்புகிறது. ஒரு நொடியில் எல்லாம் முடிகிறது. தாமதம்தான் காரணம் என்பதற்கு இதுவும் ஒரு நல்ல சான்று.

இவ்வசதியே பொது அறையில் ஆபத்தாகிறது. பிழைப் பக்கத்தைக் கண்ட மாணவர் "நுழைவு நடக்கவில்லை" என்று முடிவு செய்து எழுந்து செல்கிறார். நுழையாதவர் வெளியேற வேண்டும் என்று எண்ணுவாரா? அடுத்து அந்நாற்காலியில் அமர்பவர் நூலகத் தளத்தையோ, அதே நிலையத்தைப் பயன்படுத்தும் கட்டணத் தளத்தையோ, மதிப்பெண் தளத்தையோ திறக்கிறார். முன்னவரின் பெயரில் கதவு தானே திறக்கிறது. ஆகவே பொதுக் கணிப்பொறியில் இப்பிழை வந்தால், உள்ளே நுழைந்ததாகவே கொண்டு, நிலையத்தின் வெளியேறும் பக்கத்திற்குச் சென்று வெளியேற வேண்டும். அல்லது உலாவியின் தனி அமர்வில் வேலை செய்து, அவ்வமர்வின் சாளரங்கள் அனைத்தையும் மூடிவிட வேண்டும்.

ஒப்பீட்டை எடுத்துவிட்டால் என்ன?

"இவ்வளவு தொல்லை தரும் ஸ்டேட் எதற்கு? ஒவ்வாவிட்டாலும் விட்டுவிடலாமே" என்று தோன்றலாம். தளத்தை ஆக்குவோருள் சிலர் அவசரத்தில் இதனைச் செய்ததும் உண்டு. அதன் விளைவைக் காண்போம்.

தீயவன் ஒருவன் தன் சொந்தக் கணக்கைக்கொண்டு நிலையத்தில் நுழைகிறான். திரும்பும் முகவரியை, அதில் உள்ள தற்காலிகச் சீட்டோடு, நூலகத்திற்குப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறான். அந்த முகவரியை நம்மிடம் எவ்வகையிலேனும் அனுப்பிச் சொடுக்கச் செய்கிறான். தளம் ஸ்டேட்டை ஒப்பிடாதாயின், நம் உலாவியில் அவனுடைய கணக்கு திறந்துகொள்ளும். நாம் நம் கணக்கு என்று நம்பி ஆய்வேட்டின் படியை ஏற்றுவோம். வங்கி விவரம் எழுதுவோம். அத்தனையும் அவன் வீட்டில் வைத்ததாகும். நம் கடவுச்சொல் திருடப்படவில்லை. நாமே அவன் பெட்டிக்குள் பொருளைப் போட்டோம். ஸ்டேட் இருந்தால் இது நடவாது. அவன் முகவரியில் உள்ள சீட்டின் மறுபாதி அவன் உலாவியில் இருக்கிறது. நம் உலாவியில் இல்லை.

அப்படியானால் ஒப்பீடு இருக்கட்டும், கெடு மட்டும் வேண்டா எனலாமா? அதிலும் இடர் உண்டு. கெடு இல்லாவிட்டால் முடிவுறாத முயற்சிகளின் குக்கிகள் தேங்கும். ஒவ்வொரு கோரிக்கையோடும் அவை அனைத்தும் சர்வருக்குச் செல்லும். அப்பாச்சி ஒரு தலைப்புவரிக்கு வழக்கமாக இசைவது 8190 பைட்டு. அதற்கு மேல் குக்கி வரி நீண்டால் சர்வர் கோரிக்கையையே தள்ளிவிடும். அப்போது நுழைவு மட்டுமன்று, தளத்தின் எந்தப் பக்கமும் அந்த உலாவியில் திறவாது. ஆதலால் கெடு வேண்டும். ஆனால் அது மனிதர்களின் பழக்கத்திற்கு ஏற்றதாக வேண்டும்.

செய்யத்தக்கவை

தளத்தைப் பேணும் பொறுப்பில் உள்ள மாணவர்கள், இரண்டு கடிகாரங்களையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நிலையத்தின் நுழைவுக் கெடு 30 நிமிடம் என்றால், தளத்தின் ஸ்டேட் கெடுவும் அதற்குக் குறையாமல் இருத்தல் நன்று. அப்போது காலம் கடந்தால் முதலில் சொல்லுவது நிலையமாக இருக்கும். கடவுச்சொல்லை வாங்கிக்கொண்ட பின் மறுக்கும் அவலம் நேராது. மேலே கண்ட அமைப்பில் இதற்கு வேண்டியவை இரண்டே வரிகள்:

```
OIDCStateTimeout 1800
OIDCDefaultURL https://library.example.org/start.html
```

முதல் வரி கெடுவை 1800 நொடியாக்குகிறது. இரண்டாவது வரி, திரும்பிவந்த விடை செல்லாததாக இருந்தால் வறண்ட பிழைப் பக்கத்தைக் காட்டாமல், குறித்த முகவரிக்கு அழைத்துச் செல்கிறது. அம்முகவரி நுழைவு தேவைப்படாத திறந்த பக்கமாக இருக்கட்டும். அதில் "காலம் கடந்துவிட்டது, இங்கே அழுத்தி மீண்டும் தொடங்குக" என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். இதனை விடுத்து, பிழை வந்ததும் தானே மீண்டும் நுழைவைத் தொடங்குமாறு அமைத்தால், குக்கி தடுக்கப்பட்ட உலாவியில் தளமும் நிலையமும் முடிவின்றிப் பந்தாடிக்கொண்டிருக்கும். தானே முயலச் செய்வதாயின் ஒருமுறையோடு நிறுத்துதல் வேண்டும்.

இம்மாற்றத்தைச் செய்தபின் சோதிப்பதும் கடினம் அன்று. கெடுவைச் சிறிது நேரத்திற்கு 60 நொடியாகக் குறைத்து வையுங்கள். நுழைவுப் பக்கத்தைத் திறந்து 90 நொடி காத்திருந்து கடவுச்சொல்லைத் தட்டுங்கள். திறந்த பக்கம் தோன்றினால் அமைப்பு சரி. பிறகு 1800 என்று மாற்றி, பத்து நிமிடம் காத்திருந்து மீண்டும் முயன்று, தடையின்றி நுழைவதை உறுதிசெய்க.

தளத்தைப் பயன்படுத்துவோர் செய்ய வேண்டியது இதனினும் எளிது. பிழை வந்தால் பக்கத்தை மீண்டும் ஏற்ற வேண்டா. பின்னோக்கிச் செல்ல வேண்டா. கடவுச்சொல்லை மாற்றவும் வேண்டா, அது சரியாகவே இருந்தது. தளத்தின் முதல் முகவரியைப் புதிதாகத் தட்டித் தொடங்குங்கள். முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளும்போதும் தளத்தின் முகவரியையே குறியுங்கள். நுழைவுப் பக்கத்தின் முகவரியைக் குறித்தால் அதனோடு ஒரு பழைய ஸ்டேட்டையும் சேர்த்துக் குறித்தவர் ஆவீர்கள், அது என்றுமே செல்லாது.

தேர்வு விண்ணப்பம் போன்ற நீண்ட படிவங்களுக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை வேண்டும். படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது தளத்தின் அமர்வு முடிந்துவிட்டால், அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் தளம் நம்மை மீண்டும் நிலையத்திற்கு அனுப்பலாம். நுழைவு முடிந்து திரும்பினாலும், பல தளங்களில் நாம் எழுதியவை திரும்பி வருவதில்லை. ஸ்டேட்டோடு சேர்த்து வைக்கப்படுவது பெரும்பாலும் போக வேண்டிய முகவரி மட்டுமே. படிவத்தில் எழுதிய சொற்கள் அல்ல. நீண்ட விடைகளை வேறொரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, புதிதாக நுழைந்தபின் படிவத்தில் இட்டு, உடனே அனுப்புவதே கடைசி நாளில் கைகொடுக்கும் வழி.